விவரி என்றால் என்ன, விளக்கு என்றால் என்ன: வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் உயிரியல் கற்பிக்கிறேன். ஒரு வரைபடத்தைக் கொடுத்து, '(அ) விவரி, (ஆ) விளக்கு' என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும் வினாவைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வினா நல்ல வினாதான். கண்ணால் கண்டதைச் சரியாகச் சொல்ல வருகிறதா, அதன் காரணம் தெரிகிறதா என்று தனித்தனியே சோதிக்கிறது. சிக்கல் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. பேச்சில் 'விவரமாகச் சொல்லு' என்றாலும் 'விளக்கமாகச் சொல்லு' என்றாலும் நமக்கு ஒன்றுதானே? தேர்வறையில் மட்டும் அவை வேறு வேறு என்று மாணவருக்கு எப்படித் தெரியும்?

என்னிடம் படித்த ஒரு மாணவியின் விடைத்தாளைச் சொல்கிறேன். நீர்த்தாவரம் ஒன்றின் மீது விழும் ஒளியின் செறிவைக் கூட்டிக்கொண்டே போய், நிமிடத்துக்கு எத்தனை குமிழிகள் வருகின்றன என்று எண்ணிய வரைபடம் அது. ஒளி 1 அலகாக இருந்தபோது 6 குமிழிகள், 2 அலகில் 12, 4 அலகில் 24, 6 அலகில் 30. அதற்குப் பிறகு 8 ஆனாலும் 10 ஆனாலும் அதே 30.

(அ) பகுதியில் அவள் எழுதியது: 'ஒளி அதிகமாவதால் ஒளிச்சேர்க்கை வேகமாகிறது, பிறகு கார்பன் டை ஆக்சைடு போதாததால் நின்றுவிடுகிறது.' (ஆ) பகுதியில் 'மேலே எழுதியுள்ளேன்' என்று ஒரே வரி. (அ) பகுதிக்கு ஓர் எண்கூட எழுதவில்லை. காரணம் தெரிந்த பிள்ளை, இரண்டு பகுதியிலும் மதிப்பெண் இழந்தாள். 'நின்றுவிடுகிறது' என்பதும் தவறு. ஒளிச்சேர்க்கை நிற்கவில்லை, அதன் வேகம் கூடுவதுதான் நின்றது. வரைபடத்தை நிதானமாக விவரித்திருந்தால் இந்தப் பிழை வந்தே இருக்காது.

(அ) பகுதிக்கு வேண்டியது இவ்வளவுதான்: 1 முதல் 4 அலகு வரை ஒளி எத்தனை மடங்கு கூடுகிறதோ, குமிழிகளும் அத்தனை மடங்கு, 6 முதல் 24 வரை, கூடுகின்றன. 4 முதல் 6 வரை கூடும் வேகம் குறைகிறது. 6 அலகுக்கு மேல் நிமிடத்துக்கு 30 என்று மாறாமல் இருக்கிறது. இதில் ஒரு காரணம்கூட இல்லை, இருக்கவும் வேண்டாம்.

(ஆ) பகுதியில் அதே துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். முதல் துண்டில் ஒளிதான் கட்டுப்படுத்தும் காரணி. ஒளி கூடினால் ஒளிவினையில் நீர் வேகமாகப் பிளக்கப்படுகிறது, ஆக்சிஜனும் வேகமாகக் குமிழிகளாக வெளிவருகிறது. கடைசித் துண்டில் ஒளி தேவைக்கு மேல் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடோ வெப்பநிலையோ வேறொன்றோ தடையாக இருக்கிறது. எது என்பதை இந்த வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நீரில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டும் சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கரைத்துப் பார்த்து, 30 என்பது உயர்ந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு என்று உறுதியாகும். அதனால் விடைத்திறவில் ஒரே ஒரு காரணியை மட்டும் எழுதி வைக்காதீர்கள். 'வெப்பநிலை' என்று எழுதிய பிள்ளையும் சரியாகத்தான் எழுதியிருக்கிறது.

வகுப்பில் நான் ஒரு சோதனை சொல்லித் தருகிறேன். உயிரியலே படிக்காத ஒருவர், வரைபடத்தை மட்டும் பார்த்து இந்த வாக்கியத்தை எழுதிவிட முடியுமா? முடியும் என்றால் அது விவரிப்பு. 'ஒளி கூடியதால் குமிழிகள் கூடின' என்ற வாக்கியத்தை அவரும் எழுதிவிடுவார். 'ஆல்' என்ற உருபு இருக்கிறது, காரணம் இல்லை. (ஆ) பகுதியில் அதிகம் காணும் பிழை இதுதான். பார்த்ததையே திருப்பிச் சொல்லிவிட்டு விளக்கிவிட்டதாக நினைக்கிறார்கள்.

சில தாள்களில் 'விவரித்து விளக்குக' என்று ஒரே வரியில் 6 மதிப்பெண்ணுக்கு வருகிறது. அப்போது ஒரு துண்டை விவரித்துவிட்டு உடனே அதன் காரணத்தை எழுதி, அடுத்த துண்டுக்குப் போவதுதான் எளிது. ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று தெரியாததால், பாதிப் பக்கத்துக்கு எண்களை அடுக்கிவிட்டு நேரம் போய்விட்டதே என்று தவிக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள், பிரித்துக் கேளுங்கள், மதிப்பெண்ணை அருகிலேயே அச்சிடுங்கள், சொற்களையும் கொஞ்சம் மாற்றுங்கள். மேலே சொன்ன வினாவை இப்படிக் கேட்டால் போதும்:

(அ) ஒளிச்செறிவு கூடும்போது குமிழிகளின் எண்ணிக்கை எவ்வாறு மாறுகிறது? வரைபடத்திலிருந்து எண்களை எடுத்து எழுதுக. காரணம் தேவையில்லை. (2)

(ஆ) அந்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக. (4)

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்