உருகாதது ஐஸின் குணமல்ல, அழுத்தத்தின் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவியல் பக்கத்தில் 'உலர் பனிக்கட்டி ஒருபோதும் உருகாது, நேராக ஆவியாகும்' என்று வந்திருந்தது. நான் மணலி பக்கம் தீயணைப்புச் சிலிண்டர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பும் வேலையில் இருக்கிறேன். உலர் பனிக்கட்டி என்பதும் அதே கார்பன் டை ஆக்சைடு உறைந்த கட்டிதான். அந்த 'ஒருபோதும்' சரியில்லை. அது உருகும், ஆனால் அதற்கு ஏறத்தாழ 5.2 பார் அழுத்தம் வேண்டும்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 பார்தான். அந்த அழுத்தத்தில் உலர் பனிக்கட்டி மைனஸ் 78.5 டிகிரியிலேயே வாயுவாகப் போய்விடுகிறது. உருக வேண்டுமானால் மைனஸ் 56.6 டிகிரி வரை சூடேற வேண்டும். அதுவரை அது தாக்குப்பிடிப்பதில்லை. தண்ணீருக்கு இந்த எல்லை 0.006 பார் மட்டுமே. காற்றழுத்தம் அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால்தான் சாதாரண ஐஸ் நம் கண்ணெதிரே உருகுகிறது.

உலர் பனிக்கட்டியைப் பாட்டிலில் போட்டு இறுக மூடினால் வெளியேற வழியில்லாத வாயு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். 5.2 பாரைத் தொட்டதும் கட்டி நிஜமாகவே உருகி உள்ளே திரவம் தெரியும். ஆனால் அழுத்தம் அதோடு நிற்காது, பாட்டில் வெடித்துவிடும். கல்யாண மேடைப் புகைக்காக இதை வாங்குபவர்கள் தயவுசெய்து எதிலும் அடைத்து மூடாதீர்கள்.

சிலிண்டருக்குள் இருப்பதும் இந்தத் திரவம்தான். 20 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 57 பார். வால்வைத் திறந்தால் 1 பாருக்கு வந்துவிழும் திரவம் திரவமாக இருக்க முடியாது. ஒரு பங்கு சட்டென்று வாயுவாகி மீதியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, அந்த மீதி வெள்ளைத் தூளாக உறைந்து, ஹார்ன் என்கிற அகன்ற குழாயின் வாயில் சீறிக்கொண்டு வரும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சிலர் இந்தச் சிலிண்டரில் மீட்டர் இல்லையே என்று சண்டைக்கு வருகிறார்கள். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும், வெப்பநிலை ஒன்றாக இருக்கும்வரை அழுத்தம் ஒன்றுதான். அப்புறம் மீட்டர் எதைக் காட்டும்? நம் ஊர் மே மாதத்தில் நிலைமை இன்னும் வேறு. 31 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவம் என்று தனியாக ஒன்று கிடையாது. உள்ளே இருப்பது முழுக்க ஒரே அடர்ந்த பாய்மம். குலுக்கிப் பார்த்தும் பயனில்லை.

அதனால் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வால்விலோ உடலிலோ பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்துப் பாருங்கள். நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் திரும்ப நிரப்பக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை