இடது பக்கத்து மலக்கு

அஸ்ஸலாமு அலைக்கும் ஏட்டி பாத்திமா,

நல்லா இருக்கியா, மச்சான் சுகமா, ஷார்ஜா வெயிலு கொறஞ்சுதா. உம்மாக்கு கண் ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது அல்ஹம்துலில்லாஹ், இப்ப தூரத்துல நிக்கிறவங்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. ஜரினா அந்த டிபன் பாக்ஸ இன்னும் தரல, தரவும் மாட்டா. போதும், விஷயத்துக்கு வாரேன்.

என் கொழுந்தன் மவ இருக்கால்ல, ஏழு வயசு, அவ பாத்ரூமுக்குத் தனியா போகவே மாட்டேங்கா. ராத்திரி பூரா லைட்டு எரியணும், அவ உம்மா கைய புடிச்சுக்கிட்டேதான் தூங்கணும். பெருநாள் லீவுல சொந்தக்காரப் பையன் ஒருத்தன் போன்ல ஜின் வீடியோ காட்டி, பாத்ரூம்தான் ஜின்னோட வீடு, தோள்ல ரெண்டு மலக்கு உக்காந்து நீ செய்றதெல்லாம் எழுதுறாங்க, கபுர்ல முன்கர் நகீர் வருவாங்கன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிட்டான். அவ உம்மா என்ன பண்ணுனா, "அதெல்லாம் ஒண்ணுமே கெடையாது, படு"ன்னுட்டா. மறுநாளே மதரஸால உஸ்தாத் ஜின் உண்டுன்னு பாடம் எடுக்காரு, குர்ஆன்ல 72வது சூராவுக்குப் பேரே ஜின்தானே. அதோட புள்ளைக்கு உம்மா வார்த்தை மேல இருந்த நம்பிக்க போச்சு. வாப்பும்மா இன்னொரு பக்கம், சோறு திங்கலன்னா ஜின்ன கூப்பிடுவேன்னு மெரட்டுறாங்க. எனக்கு வந்த கோவம் இருக்கே! ஈமானோட பாடத்த சோறு ஊட்டுறதுக்குக் கம்பா எடுத்தா அந்தப் புள்ள பெருசானப்புறம் அல்லாஹ்ன்னதும் மொதல்ல பயம்தானே ஞாபகம் வரும்?

நான் அவள மொட்டமாடிக்குக் கூட்டிட்டுப் போயி, பகல்லதான், எது ஒனக்குப் பயம், எங்க இருக்கும்போது பயம், அது என்ன செஞ்சிரும்னு நெனைக்கன்னு ஒவ்வொண்ணாக் கேட்டேன். நீ நம்ப மாட்ட, அவளுக்குப் பெரிய பயம் ஜின் இல்ல, இடது பக்கத்து மலக்குதான். தம்பி கையிலருந்து ரப்பர புடுங்குனாளாம், உம்மாட்ட எடுக்கலன்னு சொன்னாளாம், அதெல்லாம் எழுதியாச்சு இனி அழியாதுன்னு தெனம் படுக்கையில கெடந்து கணக்குப் போட்டிருக்கா. ஜின்ன பத்தி மட்டும் நான் பேசியிருந்தேன்னா இது வெளிய வந்திருக்கவே செய்யாது, அதனாலதான் சொல்றேன், வெளக்கம் சொல்றதுக்கு முன்னாடி கேட்டுரணும்.

இதுக்கு நம்ம மார்க்கத்துலயே எவ்வளவு அழகான பதில் இருக்கு பாரு. மூணு பேர விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்குன்னு அபூதாவூத்ல வர்ற ஹதீஸ், தூங்குறவங்க முழிக்கிற வரைக்கும், புத்தி தெளிவில்லாதவங்க தெளியுற வரைக்கும், சின்னப்புள்ளைங்க பாலிகாகுற வரைக்கும். அப்ப இவளுக்கு இடது பக்கத்துல பாவம்னு ஒரு எழுத்துகூட இன்னும் விழல! நல்லது செஞ்சா கூலி உண்டு, ஹஜ்ஜுப் பயணத்துல ஒரு பொம்பள தன் புள்ளைய தூக்கிக் காட்டி இதுக்கும் ஹஜ் உண்டான்னு கேட்டப்போ ரசூலுல்லாஹ் "ஆமா, ஒனக்கும் கூலி உண்டு"ன்னாங்கல்ல, அதையும் சொன்னேன். "அப்ப ரப்பர்?"னு கேட்டா. அது எழுதப்படல, ஆனா தம்பி அழுதான்ல, திருப்பிக் குடுத்துருன்னேன். ஓடிப்போயிக் குடுத்துட்டு வந்தா. முன்கர் நகீர் பத்தி, அது பெரியவங்க தயாராக வேண்டிய பாடம், நீ இப்ப ஓதுறதே போதும்னு மட்டும் சொல்லி விட்டுட்டேன், ஏழு வயசுக்கு அதுக்கு மேல எதுக்கு.

அப்புறம் மலக்குமார்னா எழுதுறவங்க மட்டும்தான்னு அந்தப் பையன் சொல்லிக் குடுத்ததுதான் பாதி பிரச்சனை. ரஃது சூராவுல 13:11, மனுஷனுக்கு முன்னாலயும் பின்னாலயும் மாறி மாறி வந்து அல்லாஹ்வோட கட்டளைப்படி காவல் காக்குறவங்க இருக்காங்கன்னு வருதே, அத யாரு புள்ளைகள்ட்ட சொல்றா? ராத்திரி மலக்குகளும் பகல் மலக்குகளும் பஜ்ருலயும் அஸர்லயும் சந்திச்சு ஷிஃப்ட் மாறுறாங்கன்னு சொன்னதும் அவ கண்ணு விரிஞ்சுது பாரு, "அப்ப ராத்திரி ஆள் இல்லாமலே இருக்காதா"ங்கா.

ஜின்னுக்கு வாரேன். இல்லன்னு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அளவோட சொல்லணும். அதுவும் அல்லாஹ் படைச்ச படைப்பு, பொகையில்லாத நெருப்புலருந்து, அதுல நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்குன்னு அந்த சூராவுலயே ஜின்னுகளே சொல்லுது, குர்ஆன கேட்டு ஈமான் கொண்ட கூட்டமும் அதுல உண்டு. ஷைத்தானப் பத்தி 14:22 இருக்கு, எனக்கு ஒங்க மேல எந்த அதிகாரமும் இருக்கல, கூப்பிட்டேன், நீங்க வந்தீங்கன்னு மறுமையில அவனே ஒத்துக்குறான். அத இவகிட்ட "அவனால காதுல குசுகுசுன்னு கெட்டத சொல்ல முடியும், ஒன் கைய புடிச்சு இழுக்க முடியாது"ன்னு சொன்னேன். பாத்ரூமுக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லி உள்ள போனா நமக்கும் ஜின்னோட கண்ணுக்கும் நடுவுல திரை விழுந்துரும்னு திர்மிதில வருது, அத சொல்லிக் குடுத்தேன். மொத நாள் நான் வாசல்ல நின்னேன், அப்புறம் ஹால்ல, அப்புறம் அடுப்படியில, அவ சத்தமா பிஸ்மில்லாஹ் சொல்றது எனக்குக் கேக்கும். இப்ப நான் எங்க இருக்கேன்னே பாக்குறதில்ல.

படுக்கும்போது ரெண்டு கையையும் சேத்து குல்ஹுவல்லாஹு, ஃபலக், நாஸ் மூணையும் ஓதி ஊதி தலையிலருந்து ஒடம்பெல்லாம் தடவிக்கணும், அப்படி மூணு தடவ, ரசூலுல்லாஹ் ராத்திரி செஞ்சது. நம்ம ஓதி ஊதுறத விட அவளே செய்யட்டும், காவல் கேக்குற துஆ அவ வாயிலயே இருக்குன்னு அவளுக்குத் தெரியணும்.

ஒண்ணு கவனிச்சுக்கோ பாத்திமா, இத நீ ஒன் மதரஸா உம்மாமார்ட்டயும் சொல்லு. ஓதுனப்புறம் புள்ள அமைதியாகணும். ஒரு எழுத்து தப்பிச்சு, கூடலன்னு மறுபடி மறுபடி மொதல்லருந்து ஓதி அழுதுச்சுன்னா அது வஸ்வாஸ், அங்க இன்னும் ஓதச் சொல்லக்கூடாது, ஒரு தடவ போதும்னு நிறுத்தணும், அடங்கலன்னா மனநல டாக்டர்ட்ட காட்டணும். இன்னொண்ணு சொல்லவே நடுங்குது, ஒரு புள்ள ஜின் வந்து என்னைத் தொட்டுச்சுன்னு சொன்னாலோ, குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கு, ஒரு ஆளுட்டப் போக மட்டும் பயந்தாலோ, தாயத்து கட்ட ஓடாதீங்க. அது மனுஷனா இருக்கலாம். பேசவிட்டு நம்பிக் கேளுங்க, நம்ம இந்தியாவுல புள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் போடுங்க. நம்ம ஊர்ல ஜின் பேர்ல எத்தன விஷயம் மூடிக் கெடக்கோ அல்லாஹ்தான் அறிவான்.

மக்ரிபுக்குப் புள்ளைகள உள்ள கூப்பிடுறது சுன்னத்து, அதையும் "ஓடியா, பிடிச்சிரும்"னு கத்திக் கூப்பிடாம, கதவ பிஸ்மில்லாஹ் சொல்லி சாத்துற வேலைய அவங்க கையிலயே குடுத்துரு. பிஸ்மில்லாஹ் சொல்லி மூடுன கதவ ஷைத்தான் தெறக்க மாட்டான், ஹதீஸ் இருக்கு.

ஒன் மவன் ஹாஸ்டல் வாட்டர் டேங்க் கதைய இன்னும் கேக்கானா? சொல்லிராத, பத்து வயசாகட்டும். அவன் இப்ப தனியா தூங்குறானா, எதுக்குப் பயப்படுறான்னு கேட்டு எழுது, நீயா பதில் சொல்லிக் குடுக்காம அவன் சொன்ன மாதிரியே எழுது.

வஸ்ஸலாம்,
ஜுலைகா