ஆண்டு இறுதி ரிபேட் ஸ்டேட்மெண்டில் ஒரே ஒரு தொகை போதாது: கம்பெனிகளின் விற்பனை, கணக்குப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மார்ச் 31-உடன் வருடம் முடிந்ததும், ஏஜென்சி எடுத்து நடத்தும் எங்களுக்கு உங்களிடமிருந்து ஒரு தாள் வரும். 'இந்த வருட மொத்தக் கொள்முதல் இவ்வளவு, எட்டிய ஸ்லாப் இது, உங்கள் கணக்கில் வரவு வைக்கும் தொகை இவ்வளவு' என்று மூன்று வரி இருக்கும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பது அதில் இருக்காது. ஏரியா மேனேஜரைக் கேட்டால் ஹெட் ஆபீஸைக் கேட்கச் சொல்வார். அங்கே கேட்டால் சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது என்பார்கள். இதை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 60 லட்சம் முதல் 80 லட்சம் வரை 1.5 சதவீதம், 80 லட்சத்தைத் தொட்டால் மொத்தக் கொள்முதலுக்கும் 2 சதவீதம் என்று ஸ்கீம் கடிதம் சொல்கிறது. வரி நீங்கலாக டிஸ்ட்ரிபியூட்டரின் புத்தகத்தில் இருப்பது 80,60,000 ரூபாய். கம்பெனி ஸ்டேட்மெண்டில் இருப்பது 78,90,000. வித்தியாசம் 1,70,000தான். ஆனால் 2 சதவீதத்தில் கிடைக்க வேண்டிய ரிபேட் 1,61,200, கம்பெனி போட்டிருப்பதோ 1,18,350. அதாவது 42,850 ரூபாய் குறைகிறது.

அந்த 1,70,000 எங்கே போனது? பில் வாரியாகப் பார்த்தால் இரண்டே விஷயங்கள். காலாவதிச் சரக்கைத் திருப்பி அனுப்பியதில் 50,000 கழிந்திருக்கிறது. சரி, அது நியாயம். திருப்பிய சரக்குக்கு ரிபேட் கேட்க முடியாது. மீதி 1,20,000 ஒரே பில். மார்ச் 30-ஆம் தேதி போட்டது, லாரி குடோனுக்கு வந்தது ஏப்ரல் 2. கம்பெனியின் சிஸ்டம் சரக்கு சேர்ந்த தேதியை எடுத்து, பில்லை அடுத்த வருடத்தில் தள்ளிவிட்டது. அந்த ஒரு பில்லைச் சேர்த்தால் கொள்முதல் 80,10,000 ஆகிறது, 2 சதவீதம் 1,60,200. லாரி மூன்று நாள் கழித்து வந்ததற்கு டிஸ்ட்ரிபியூட்டர் 41,850 ரூபாயை இழக்க வேண்டுமா? அதுவும் மார்ச் கடைசி வாரத்தில் டார்கெட்டுக்காக எங்களை நெருக்கிச் சரக்கை ஏற்றிவிடுவது உங்கள் ஆட்கள்தான்.

அதனால் பில் தேதியா, சரக்கு சேர்ந்த தேதியா என்பதை வருட ஆரம்பத்து ஸ்கீம் கடிதத்திலேயே எழுதுங்கள். ஸ்லாப் சதவீதம் மொத்தத்துக்குமா, எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமா என்பதும் அதில் இருக்கட்டும். ஸ்டேட்மெண்டோடு பில் எண், தேதி, வரி நீங்கலான மதிப்பு, கழித்த ரிட்டர்ன்கள் அடங்கிய பட்டியலைத் தாருங்கள். எங்கள் லெட்ஜரோடு ஒப்பிட அரை நாள் போதும்.

அடுத்தது வரவு வைக்கும் விதம். கிரெடிட் நோட் ஜி.எஸ்.டி.யோடு வருகிறதா, இல்லாமல் வருகிறதா என்று ஸ்டேட்மெண்ட் சொல்வதே இல்லை. ஜி.எஸ்.டி.யோடு வந்தால் உங்கள் வரி குறையும், அதற்கு ஈடாக நாங்கள் எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். 1,60,200-க்கு 18 சதவீதம் என்றால் அது 28,836 ரூபாய். வெறும் வணிகக் கிரெடிட் நோட் என்றால் உங்கள் வரி குறையாது, நாங்களும் எதையும் திருப்ப வேண்டியதில்லை. மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜி.எஸ்.டி.யோடு தருவதென்றால் அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் உங்கள் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். ஆகஸ்டில் ஸ்டேட்மெண்ட் அனுப்பி, அக்டோபரில் தகராறு தீர்த்தால் எப்படி?

அப்புறம், அந்த வரவை எதில் கழிக்கிறீர்கள்? பல நேரம் எங்களைக் கேட்காமலே பழைய பாக்கியில் கழித்துவிடுகிறீர்கள். அதில் சேதாரம், ரேட் வித்தியாசம் என்று நாங்கள் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் பில்களும் இருக்கும். ரிபேட்டை அதில் கழித்தால் எங்கள் க்ளெய்மும் முடிந்ததாகவே உங்கள் புத்தகம் காட்டும். இது தவறு. தகராறில் இருக்கும் பில்லைத் தொடாமல், எந்த பில்லில் எவ்வளவு கழிக்கப் போகிறீர்கள் என்று ஸ்டேட்மெண்டிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

ஏப்ரல் 15-க்குள் வரைவு ஸ்டேட்மெண்டை அனுப்புங்கள். ஆட்சேபம் சொல்ல 15 நாள் கொடுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு மே மாதத்துக்குள் கிரெடிட் நோட் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு மொத்த விநியோகஸ்தர்