கோயில் பக்கத்து மனையில் எத்தனை மாடி கட்டலாம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அருகில் மனை வைத்திருப்பவர்கள் எங்கள் பிளான் அலுவலகத்துக்கு வந்தால் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மாடி போடலாம்?" என்பதுதான். அதற்கு முன் தூரத்தைப் பார்க்க வேண்டும். தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளக்கக் கூடாது. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். அங்கிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது. பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் இதே கதைதான். அனுமதி வாங்கிப் பழுதுபார்க்கலாம், அவ்வளவுதான். எனவே அந்தப் பகுதியில் பழைய வீட்டை இடித்துவிட்டு எங்களிடம் வராதீர்கள். மறுபடி கட்ட முடியாமல் போகும்.

அடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மைச் சான்று வாங்கிக் கட்டலாம். 2010 சட்டத் திருத்தத்தால் வந்த ஆணையம் இது. உயர வரம்பும் அந்தச் சான்றிலேயே வரும். கைப்பிடிச் சுவர், ஹெட்ரூம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்ததுதான் அந்த உயரம். தொட்டியைக் கடைசியில் யோசிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, உயரத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒவ்வொரு சின்னத்துக்கும் தனி விதிகள் வகுக்கச் சட்டம் சொல்கிறது. காட்சியைக் காப்பாற்ற நகரமைப்பாளர்கள் உலகமெங்கும் போடும் கணக்கு ஒன்று உண்டு. ஒருவர் கோபுரத்திலிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்கிறார், கண்மட்டம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோபுரத்தில் 12 மீட்டருக்கு மேலுள்ள பகுதி அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கண்ணிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தால், அவருக்கு 100 மீட்டர் முன்னால் கோட்டின் உயரம் 5 மீட்டர், 200 மீட்டர் முன்னால் 8.5 மீட்டர். அதாவது பார்ப்பவருக்குக் கிட்டே இருக்கும் வீடுதான் அதிகம் தாழ்ந்திருக்க வேண்டும். கோயிலுக்கு அருகில் இருப்பவருக்கு ஒரு மாடி கூடக் கிடைத்தால் அது சலுகை அல்ல, அந்தக் கோட்டின் சரிவு. ஆனால் இது காட்சிக்கான கணக்கு மட்டும். 100 மீட்டர் தடை தனியாக இருக்கிறது.

கண்ணிலிருந்து இழுக்கும் கோடு கோபுர உச்சியைத் தாண்டிப் பின்னாலும் நீள வேண்டும். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தை ரிச்மண்ட் பூங்காவிலுள்ள ஒரு மேட்டிலிருந்து பார்க்கும் காட்சிக்குப் பல ஆண்டுகளாகப் பாதுகாப்பு உண்டு. அப்படியும் 2016-இல் தேவாலயத்துக்குப் பல கிலோமீட்டர் பின்னால் எழுந்த ஓர் அடுக்குமாடி, குவிமாடத்தின் பின்னே தலைகாட்டி, பெரிய சச்சரவானது. நம் சட்டத்தின் 300 மீட்டருக்கு வெளியே எழும் உயரக் கட்டடமும் இப்படிக் குறுக்கே வரலாம். என் பார்வையில் வட்டம் போடுவதைவிடக் கோடு போடுவது நியாயமானது.

பிளான் போட வரும்போது பட்டாவையும் நில அளவை வரைபடத்தையும் கொண்டுவாருங்கள். எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று முதலில் அளந்து சொல்கிறோம். அப்புறம் அஸ்திவாரத்தைப் பேசலாம்.