சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால்: தம்பிக்கு ஒரு கடிதம்

தம்பிக்கு,

நீ வீடு குடிபோய் இன்றோடு ஐந்து வருஷம். வாழ்த்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். இது போன மாதம் நீ எழுதிக் காட்டிய செலவுக் கணக்கைப் பற்றி. நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் தொகைகளை மாற்றியிருக்கிறேன். கணக்கு உனக்குப் புரியும்.

"சம்பளம் இருபது சதவீதம் குறைஞ்சா எல்லாத்துலயும் இருபது சதவீதம் குறைச்சுக்கலாம்க்கா" என்றாய். முடியாதுடா. கைக்கு வரும் 75,000 ரூபாய் 60,000 ஆகிறது என்று வை. வீட்டுக் கடன் தவணை 27,000. சீட்டை எடுத்தாயிற்று, இனி முடியும்வரை மாதம் 5,000 கட்டித்தான் ஆக வேண்டும். பள்ளிக் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 4,500, வருஷ பிரீமியங்களை வகுத்தால் 3,000. இந்த 39,500இல் ஒரு ரூபாயும் குறையாது. இன்று 35,500இல் நடக்கும் மீதிக் குடும்பம் 20,500இல் நடக்க வேண்டும். கை வைக்க முடிகிற இடத்தில் விழும் வெட்டு ஐந்தில் ஒன்று அல்ல, ஐந்தில் இரண்டுக்கும் மேல்.

நீயும் அந்த 15,000ஐத் தேடினாய். மியூச்சுவல் ஃபண்டுக்கு மாதாமாதம் போகும் எஸ்.ஐ.பி. 6,000ஐத் தாளில் நிறுத்தினாய். மளிகை, பால், கேஸ் 16,000இல் 2,000, பெட்ரோலில் 500. கடைசி வரி, 'இதர' 7,500. அதை 1,000 ஆக்கிவிட்டு, கணக்கு சரியாப் போச்சு என்று பேனாவை மூடினாய்.

அந்த இதரவுக்குள்தான் அம்மாவுக்கு அனுப்பும் 4,000 இருக்கிறது.

அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் உன் ஓட்டல் பில்லும் ஒரே வரியில். நீ மாதம் தவறாமல் அனுப்புகிறவன், அதில் எனக்குக் குறை இல்லை. பொதுவில் இதைச் சொல்வதற்கு மன்னித்துக்கொள். ஆனால் நேரில் சொன்னபோது நீ பேச்சை மாற்றினாய். இதற்கு மேல் இங்கே வேண்டாம். கணக்காகப் பார்த்தாலும் அது தப்பு. இதர என்று ஒரு வரி இருந்தால் முதல் வெட்டு அங்கேதான் விழும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அம்மா பணத்தைத் தனி வரியாக எழுதினால் உன் கணக்கில் 4,000 துண்டு விழுகிறது.

அதை அடைக்க ஒரு வழி உண்டு, விலை அதிகம். கடன் பாக்கி சுமார் 27.4 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இன்னும் 15 வருஷம். காலத்தை 20 வருஷமாக நீட்டினால் தவணை ஏறத்தாழ 23,800க்கு இறங்கும், மாதம் 3,200 மிச்சம். கடைசிவரை அப்படியே கட்டினால் மொத்தத்தில் சுமார் எட்டரை லட்சம் கூடப் போகும். அதனால் இப்போதே நீட்டாதே. வங்கியில் என்ன படிவம், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், உன் வயதுக்கு எத்தனை வருஷம்வரை நீட்டுவார்கள் என்று மட்டும் கேட்டு வை. சம்பளம் குறைந்தபின் போய்க் கேட்டால் அது நெருக்கடியில் செய்த மறுசீரமைப்பாகக் கடன் வரலாற்றில் ஏறலாம். மீதி 800 ரூபாய்க்குப் போன், இன்டர்நெட் திட்டங்களைப் பார்.

தாளில் சரியாக வருவது வீட்டில் வருமா என்பது வேறு. மே, ஜூன், ஜூலை மூன்று மாதம் நடத்திப் பார். எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம், அந்த 6,000 வெட்டில் சேர்ந்தது என்று வைத்துக்கொள். மளிகை, பெட்ரோல், அம்மா பணம் போக மீதி இதர மூன்றிலும் குறைக்க வேண்டிய 5,000ஐ சம்பளம் வந்த அன்றே கார்டோ ஜி.பே.யோ இல்லாத வேறொரு கணக்குக்கு மாற்று. தவணை போகிற கணக்கில் ஐந்தாம் தேதிக்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்று, இல்லையென்றால் தவணை திரும்பி அபராதம் விழும். ஜூனைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி முதல் தவணை 27,000 அப்போதுதான். மாதம் 4,500 என்று தாளில் வகுத்துவிட்டு அதைத் தனியாக எடுத்து வைக்காதவர்களுக்கு ஜூனில்தான் தெரியவரும். ரெண்டு மாசக் கரண்ட் பில்லும் ஏ.சி. ஓடிய வெயிலோடு சேர்ந்து வரும்.

கிரெடிட் கார்டில் கவனம். மே மாதம் தேய்த்தது ஜூனில்தான் பில்லாக வரும், அதனால் முதல் மாதம் எல்லோருக்கும் பாஸ்தான். தேய்த்த அன்றைக்கே அந்த மாதச் செலவாக எழுது. ஒதுக்கிய 5,000இலிருந்து எடுக்க நேர்ந்தால் எடு, ஆனால் எந்தத் தேதியில், எந்தச் செலவுக்கு என்று குறித்து வை. எவ்வளவு மிச்சம் என்பதைவிட அந்தக் குறிப்புதான் எனக்கு வேண்டும்.

அக்கா