எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார மாணவர் பக்கத்தில், x-ஐ மிஞ்சாத மிகப்பெரிய முழு எண்ணைத் தரும் மீப்பெரு முழு எண் சார்பான [x]-ஐ 0 முதல் 3 வரை தொகையிட்டுக் காட்டியிருந்தீர்கள். 0, 1, 2 என்ற உயரங்களில், ஓர் அலகு அகலத்தில் செவ்வகங்கள்; பரப்பைக் கூட்டினால் 3. கணக்கு சரி. ஆனால் "x முழு எண்ணாகும் இடங்களில் இடைவெளியைப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவிதி போல எழுதியிருந்த வரியைத் திருத்த வேண்டும்.

நான் அனுப்பானடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு வந்த ஒரு மாணவியிடம் [x²]-ஐ 0 முதல் 2 வரை தொகையிடச் சொன்னேன். 1-இல் பிரித்தாள். முதல் துண்டுக்கு உயரம் 0, அடுத்ததற்கு 1, ஆகவே விடை 1 என்றாள். "x = 1.5 என்றால் உயரம் என்னம்மா?" என்று கேட்டேன். 2.25, அதாவது 2. "அப்போ இது செவ்வகமே இல்லையே டீச்சர்" என்று அவளே நிறுத்திவிட்டாள். ஒரு துண்டுக்குள் உயரம் மாறாமல் இருந்தால்தான் அது செவ்வகம். பிரித்தது சரியா என்று பார்க்க, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று எண்களைப் போட்டுப் பார்த்தாலே தப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடைப்புக்குள் இருப்பது எங்கே முழு எண்ணாகிறதோ அங்கேதான் வெட்ட வேண்டும். x² என்பது 1, 2, 3 ஆவது x = 1, √2, √3 ஆகிய இடங்களில். 0 முதல் 1 வரை உயரம் 0. அதன்பின் √2 வரை உயரம் 1, √3 வரை 2, பிறகு 2 வரை 3. ஆகவே,

(√2 − 1) + 2(√3 − √2) + 3(2 − √3) = 5 − √2 − √3

இது சுமார் 1.854. அவள் சொன்ன 1 எங்கே, இது எங்கே!

[x]-இன் படத்தைத் தெப்பக்குளத்துப் படிக்கட்டு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். [x²]-இல் ஒவ்வொரு படியும் ஒரே உயரம்தான் ஏறுகிறது, ஆனால் கால் வைக்கிற அகலம் 1, 0.414, 0.318, 0.268 எனக் குறுகிக்கொண்டே போகிறது. வரைந்து பார்த்தவர்கள் இதை மறப்பதில்லை. அப்புறம், x = 2-இல் மதிப்பு 4-க்குத் தாவுகிறதே என்று சிலர் குழம்புவார்கள். ஒரு புள்ளிக்கு அகலம் கிடையாது, அதனால் பரப்பும் கிடையாது.

குறை எண்களிலும் ஒரு சறுக்கல் உண்டு. [−1.5] என்பது −2, தசமத்தை வெட்டிவிட்டு −1 என்று எழுதக்கூடாது. [x]-ஐ −1.5 முதல் 0 வரை தொகையிட்டால் (−2)(0.5) + (−1)(1) = −2 வரும். தசமத்தை வெட்டிய பிள்ளைக்கு −0.5 தான் கிடைக்கும்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, [x²]-இன் படத்தையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு கணித ஆசிரியை,
அனுப்பானடி, மதுரை.