அட்டவணை அளவை மறந்துவிடும் கேள்வித்தாள்கள்: தரவுக் கட்டமைப்புப் பாட ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

ஹேஷ் டேபிள் பற்றிய கேள்விகளில் அட்டவணை அளவு பெரும்பாலும் 10 என்றே வருகிறது. கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும் என்பதால் கணக்குப் போடுவது சுலபம். இடம் நிரம்பியிருந்தால் அடுத்தடுத்த இடங்களைப் பார்த்துப் போகும் லீனியர் ப்ரோபிங்குக்கு இந்த அளவு பொருந்தும். வர்க்க எண்களின் தொலைவில் தாவிப் பார்க்கும் குவாட்ராட்டிக் ப்ரோபிங்குக்குப் பொருந்தாது. இதை மாணவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சூத்திரம் `(h + i*i) % 10`. h என்பது தொடக்க இடம், i என்பது 0, 1, 2 என ஏறும் படி எண். 10, 20, 30, 40, 50, 60 என்ற கீகளை வரிசையாகச் செருகுங்கள். எல்லாவற்றுக்கும் தொடக்க இடம் 0. அவை முறையே 0, 1, 4, 9, 6, 5 ஆகிய இடங்களில் உட்காரும். இப்போது 70 வருகிறது. அந்த ஆறு இடங்களும் நிரம்பியிருப்பதால் i = 6 ஆகிறது. 36-இன் மீதி 6. அடுத்து 49 என்றால் 9, 64 என்றால் 4, 81 என்றால் 1, 100 என்றால் மறுபடி 0. வந்த வழியிலேயே திரும்பிப் போகிறது. 2, 3, 7, 8 காலியாகவே கிடக்கின்றன, ஆனால் 70 அவற்றை ஒருநாளும் தொடாது. i-க்கு வரம்பு வைக்காத நிரல் என்றால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அளவு 16 என்றால் நிலைமை இன்னும் மோசம். 16-ஆல் வகுத்தால் வர்க்க எண்களுக்குக் கிடைக்கும் மீதிகள் 0, 1, 4, 9 மட்டுமே. 0, 16, 32, 48 உள்ளே போய்விடும். 64-க்கு இடமில்லை, 12 இடங்கள் காலியாக இருந்தும். முக்கால்வாசி நிரம்பினால் அட்டவணையைப் பெரிதாக்கு என்று நிரலில் எழுதியிருப்போம், ஆனால் கால்வாசி நிரம்பியதுமே சிக்கிக்கொண்டால் அந்த வரிக்கு வேலையே வராது. தொடக்க இடங்கள் பரவலாக விழும் சோதனைத் தரவில் இந்தப் பிழை பெரும்பாலும் தலைகாட்டாது என்பது கூடுதல் தொல்லை.

அளவு m ஒரு பகா எண்ணாக இருந்தால் நிலைமை மாறுகிறது. i, j இரண்டும் m/2-க்குக் குறைவான வெவ்வேறு எண்கள், இரண்டும் ஒரே இடத்தில் போய் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் (i−j)(i+j) என்பதை m மீதியின்றி வகுக்க வேண்டும். m பகா எண் என்பதால் இரண்டு காரணிகளில் ஒன்றையாவது அது வகுத்தாக வேண்டும். ஆனால் இரண்டுமே பூச்சியம் அல்ல, m-ஐ விடச் சிறியவை. ஆகவே அது நடக்காது. அளவு 11 என்றால் ஆறு இடங்கள் உறுதி. பாதிக்கும் குறைவாக நிரம்பியிருக்கும்வரை புதிய கீக்கு இடம் கிடைத்தே தீரும். ஆனால் உறுதி அந்தப் பாதியோடு சரி. அப்புறம், அட்டவணையைப் பெரிதாக்கும்போது 11-ஐ 22, 44 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 44-இல் இந்த உறுதி போய்விடும். 22-க்குப் பதிலாக அடுத்த பகா எண்ணான 23-க்குப் போவதே பாதுகாப்பு.

அளவு 2-இன் அடுக்காகவே இருக்க வேண்டும் என்றால் சூத்திரத்தை மாற்றலாம்: `(h + i*(i+1)/2) % 16`. தொடக்க இடம் 0 என்றால் 0, 1, 3, 6, 10, 15, 5, 12, 4, 13, 7, 2, 14, 11, 9, 8 என 16 இடங்களையும் ஒருமுறை தொடுகிறது. இங்கே i, j என்ற இரண்டு படிகள் மோத வேண்டுமானால் (i−j)(i+j+1) என்ற பெருக்கலை 32 வகுக்க வேண்டும். காரணிகளில் ஒன்று எப்போதும் ஒற்றைப்படை. மற்றது 32-ஐ விடச் சிறியது. அதனால் எந்த இரண்டு படிகளும் மோதுவதில்லை. ஆனால் இதே சூத்திரத்தை 11 அளவில் போட்டால் மறுபடி ஆறு இடங்கள்தான். சூத்திரத்தையும் அளவையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘குவாட்ராட்டிக் ப்ரோபிங் கிளஸ்டரிங்கை நீக்குகிறது’ என்ற விடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது நீக்குவது பிரைமரி கிளஸ்டரிங்கை மட்டும். லீனியர் ப்ரோபிங்கில், 10 இடங்களில் நான்கு அடுத்தடுத்து நிரம்பியிருந்தால், அந்த நான்கில் எதில் வந்து விழுந்தாலும் கீ ஐந்தாவது இடத்துக்கே தள்ளப்படும். நேராக அங்கேயே விழுவதையும் சேர்த்தால் பத்துக்கு ஐந்து வாய்ப்பு. கொத்து நீள நீள இன்னும் வேகமாக நீளும். குவாட்ராட்டிக்கில் அப்படியில்லை. 0-இல் தொடங்கிய கீயும் 3-இல் தொடங்கிய கீயும் 4-இல் சந்திக்கலாம், ஆனால் அடுத்த படியில் ஒன்று 9-க்கும் மற்றது 7-க்கும் பிரிந்துவிடும்.

0-இலேயே தொடங்கிய இரண்டு கீகள் மட்டும் பிரிவதே இல்லை. மேலே பார்த்த ஆறு கீகளுக்கும் மொத்தம் 21 முறை இடம் பார்க்க வேண்டியிருந்தது. இதுதான் செகண்டரி கிளஸ்டரிங். பாதிப்பு தொடக்க இடம் ஒன்றாக உள்ள கீகளோடு பெரும்பாலும் நின்றுவிடுவதால் இது அவ்வளவு கொடியதல்ல. அளவை மாற்றினாலும் இது தீராது. படியின் நீளத்தைக் கீயிலிருந்தே கணக்கிடும் டபுள் ஹேஷிங்தான் தீர்வு.

அடுத்த கேள்வித்தாளில் அளவு 10 என்றே வையுங்கள், பரவாயில்லை. 70-ஐயும் சேர்த்துக் கொடுத்து, அது ஏன் உள்ளே போகவில்லை என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஹேஷ் டேபிள்களோடு மல்லுக்கட்டும் ஒரு நிரலர்